தென்றல் நினைவூட்டிய ஊர்

நுழையும்முன்

பிழைப்புக்காகக் கடல் கடந்தவர்களை ஊர் ஆண்டு முழுவதும் அழைத்துக்கொண்டிருப்பதில்லை. விழா நாள்களில்தான் அழைக்கிறது. திருவொற்றியூரில் பிறந்து, நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் துறைமுகத்தில் பணியாற்றும் ஒருவர், அந்த அழைப்பின் தன்மையைத் தம் ஊரின் பழங்கதை ஒன்றைத் துணைக்கொண்டு இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்கிறார்.

ஏக்கத்திற்கும் ஒரு பருவம் உண்டு

வெளிநாட்டில் வாழ்பவரின் நெஞ்சில் ஊர்நினைவு எந்நேரமும் ஒரே அளவில் கனன்றுகொண்டிருக்கும் என்று ஊரில் இருப்பவர்கள் எண்ணுகின்றனர். என் பட்டறிவு அதுவன்று. ஒன்பது ஆண்டுகளாக நான் ராட்டர்டாமில் இருக்கிறேன். கப்பல்களிலிருந்து சரக்குப் பெட்டகங்களை இறக்கும் கிரேன்களைப் பழுதுபார்ப்பது என் பணி. பணியில் மூழ்கியிருக்கும் நாள்களில் ஊரைப் பற்றிய எண்ணமே எழாமல் ஒரு வாரம் கடந்துபோவதும் உண்டு. அதனால் எனக்கு ஊர்ப்பற்று குறைந்துவிட்டதென்று பொருளில்லை. ஏக்கம் கடலைப் போன்றது. அதற்கு ஓதமும் உண்டு, வற்றமும் உண்டு. அது பொங்குவதற்கென்று சில நாள்கள் இருக்கின்றன.

என்னைப் பொறுத்தவரை அந்தப் பருவம் கார்த்திகையில் தொடங்கி மாசியில் முடிகிறது. கார்த்திகை முழுநிலவை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் திருவொற்றியூர் ஆதிபுரீசுவரரின் திருமேனியில் உள்ள கவசம் திறக்கப்படும். ஆண்டின் மற்ற நாள்கள் எல்லாவற்றிலும் அது மூடியே இருக்கும். அந்த மூன்று நாள்களும் எங்கள் தெருக்களில் மனித வெள்ளம் நிறைந்திருக்கும். அடுத்து இராயபுரத்துச் சந்துகளில் காகித விண்மீன்கள் ஒளிரும் கிறித்துமசு; பிறகு போகி, பொங்கல்; அதன் பின் மாசிப் பெருவிழா. இந்த நான்கு மாதங்களில் வீட்டுத் தொலைபேசி அழைப்புகள் நீளும். அழைப்பு முடிந்த பிறகு வரும் அமைதியும் நீளும்.

இந்த ஏக்கத்தைப் பற்றி ஆய்ந்த உளவியலாளர்கள் பலர். பிரித்தானியாவில் ஷெர்லி ஃபிஷரும், இதே நெதர்லாந்தில் ஆட் விங்கர்ஹூட்ஸ் போன்றோரும் இதனைத் தனித்துறையாகவே எடுத்து ஆராய்ந்திருக்கின்றனர். ஏக்கம் தொடர்ச்சியாக இராமல் விட்டுவிட்டு வருவது என்பதும், உடலும் உள்ளமும் வேலையின்றி இருக்கும்போது அது மிகுகிறது என்பதும் அத்துறையினர் கூறுவன. விழாக்காலத்தில் நேர்வது இதுதான். ஊரில் எல்லோருடைய கைகளுக்கும் வேலை இருக்கிறது. தோரணம் கட்ட, மாவு இடிக்க, கோலமிட என்று நூறு வேலைகள். இங்கே இருப்பவரின் கைகள் மட்டும் வெறுமையாக இருக்கின்றன.

திருவொற்றியூரில் ஏங்கிய ஒருவர்

பொருள் தேடிப் பிரிவதைப் பாலைத் திணையில் வைத்தும், கடற்கரையில் நின்று இரங்குவதை நெய்தல் திணையில் வைத்தும் பாடியவர்கள் நம் முன்னோர். ஆனால், விழாக்கால ஏக்கம் என்று சொன்னால் என் நினைவுக்கு முதலில் வருவது சங்கப் பாடல் அன்று. எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டுதோறும் நினைவுகூரப்படும் சுந்தரரின் கதைதான். சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டில் அதனைப் பெரியபுராணத்தில் விரித்துரைத்தார். கதையின் சமயப் பொருளை அறிஞர்கள் விளக்கியிருக்கின்றனர். நான் இங்கே எடுத்துக்கொள்வது, அதில் பொதிந்துள்ள மனித மனத்தின் இயல்பை மட்டுமே.

திருவாரூரில் பரவையாரை மணந்து வாழ்ந்த சுந்தரர், தலங்கள் தோறும் சென்று வழிபட்டு வரும்போது திருவொற்றியூரை அடைகிறார். அங்கே இறைவனுக்கு மாலை தொடுத்துத் தந்த சங்கிலியாரைக் கண்டு மணக்க விரும்புகிறார். 'உன்னைப் பிரியேன்' என்று அவர் வாக்களிக்க வேண்டும் என்பது நிபந்தனை. கருவறையின் முன் வாக்களிக்கும் நேரத்தில் இறைவன் அங்கிராமல் மகிழ மரத்தடிக்குச் சென்றுவிட வேண்டும் என்று சுந்தரர் முன்கூட்டியே வேண்டிக்கொள்கிறார். ஆனால், இறைவனோ சங்கிலியாரின் கனவில் தோன்றி, அந்த மகிழ மரத்தடியிலேயே வாக்குப் பெறுமாறு சொல்லிவிடுகிறார். தப்பிக்க வழியின்றிச் சுந்தரர் மகிழின் அடியில் நின்று உறுதி கூறுகிறார். மாசிப் பெருவிழாவில் எங்கள் ஊர் கொண்டாடும் 'மகிழடி சேவை' இந்த நிகழ்ச்சியைத்தான் நினைவூட்டுகிறது.

திருமணம் நடந்தது. இருவரும் இன்புற்று வாழ்ந்தனர். இந்த இடத்தில் சேக்கிழார் செய்வதை நாம் கூர்ந்து நோக்க வேண்டும். திருவொற்றியூரில் சுந்தரருக்கு எந்தக் குறையும் இருந்ததாக அவர் கூறவில்லை. வறுமை இல்லை, அவமதிப்பு இல்லை, அன்பில்லாத இல்லமும் இல்லை. பருவம் ஒன்று மாறுகிறது, அவ்வளவுதான். வசந்தம் வருகிறது, தென்றல் வீசுகிறது. அந்தக் காற்று மேனியில் பட்டதும் திருவாரூரின் வசந்த விழா சுந்தரரின் நெஞ்சில் எழுகிறது. அவ்விழாவில் பரவையாரின் ஆடலும் பாடலும் நினைவுக்கு வருகின்றன. அதற்கு மேல் அவரால் இருக்க முடியவில்லை. புறப்படுகிறார். ஊரின் எல்லையைக் கடந்ததும் கண்ணொளி மறைகிறது.

ஏக்கத்தின் இலக்கணம் இதில் இருக்கிறது. அயலூரில் துன்பப்படுபவர்தாம் ஊரை நினைப்பார் என்பது பொதுவான எண்ணம். வாழும் இடத்தில் எல்லாம் நிறைவாக இருந்தாலும் ஏக்கம் வரும் என்பதைச் சேக்கிழார் அறிந்திருந்தார். குறை அதனைத் தூண்டவில்லை. ஒரு காற்று தூண்டியது. ஆகவே, விழாக்காலத்தில் ஏங்குபவரிடம், 'அங்கே உனக்கு என்ன குறை?' என்று கேட்பது பொருந்தாத கேள்வி. குறை எதுவும் இல்லை என்ற விடை வரும். ஏக்கம் மட்டும் அப்படியே இருக்கும்.

மருத்துவர் கண்ட நோய்

இதே உணர்வை 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பா ஒரு நோயாகவே கண்டது. 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் யோகான்னசு ஓஃபர் என்னும் மருத்துவ மாணவர் இதனைப் பற்றி ஆய்வேடு ஒன்று எழுதினார். வீடு திரும்புதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் வலியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் இணைத்து 'நாஸ்டால்ஜியா' என்னும் புதிய பெயரை அவர் உருவாக்கினார். இன்று இனிய பழைய நினைவு என்ற பொருளில் வழங்கும் அச்சொல், பிறந்தபோது ஒரு நோயின் பெயர்.

ஓஃபர் தரும் நிகழ்ச்சி ஒன்று எண்ணத்தக்கது. பெர்ன் நகரிலிருந்து பாசெலுக்குப் படிக்க வந்த இளைஞர் ஒருவர் நாளுக்கு நாள் மெலிந்து இறக்கும் நிலையை அடைந்தார். மருந்துகள் பயன்தரவில்லை. இறுதியில் அவரை ஊருக்கே அனுப்பிவிட முடிவு செய்தனர். படுக்கையில் கிடத்தி எடுத்துச் செல்லும்போது, பாசெலை விட்டுச் சிறிது தொலைவு சென்றதுமே அவர் தெளியத் தொடங்கினார். பெர்ன் நகரை அடையும் முன்பே நலம் பெற்றுவிட்டார். அந்த இரு நகரங்களும் ஒரே நாட்டில் இருப்பவை; இடைப்பட்ட தொலைவு இன்று தொடர்வண்டியில் ஏறத்தாழ ஒரு மணி நேரம். சுந்தரர் ஏங்கிய திருவாரூரும் திருவொற்றியூரிலிருந்து 300 கிலோமீட்டர் அளவில்தான் இருக்கிறது. ஆகவே, ஏக்கத்தின் ஆழத்தைக் கிலோமீட்டர்களால் அளக்க இயலாது. சென்னை விடுதியில் தங்கிப் பயிலும் தென்மாவட்ட மாணவருக்கும், ராட்டர்டாமில் இருக்கும் எனக்கும் வருவது ஒரே நோய்தான்.

நம் வீடுகளில் இது புதிய செய்தியன்று. தாயைப் பிரிந்த குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால், 'ஏக்கத்துல வந்த காய்ச்சல்' என்று பாட்டிமார் சொல்வார்கள். மருந்தைவிட முன்னதாகத் தாயைத்தான் வரவழைப்பார்கள். ஓஃபர் கண்ட மருந்தும் அதுவே.

பால் பொங்கினால் அணையும் அடுப்பு

ஊருக்குப் போக முடியாதவர்கள் விழாவைத் தாம் இருக்கும் இடத்துக்கே கொண்டுவர முயல்கின்றனர். அதில் என்னென்ன இடர்கள் வரும் என்பதற்கு என் பொங்கலையே எடுத்துக்காட்டாகச் சொல்கிறேன்.

முதல் இடர் கதிரவன். பொங்கல் அவனுக்குரிய விழா. தை முதல் நாளில் சென்னையில் அவன் ஆறரை மணியளவில் எழுவான். அப்போது ராட்டர்டாமில் நள்ளிரவு கடந்து இரண்டு மணி. இங்கே அவன் எழுவதற்கு எட்டே முக்கால் மணியாகும். மாலை ஐந்து மணிக்குள் மறைந்துவிடுவான். சனவரியில் அவனைப் பல நாள்கள் முகில்கள் முழுவதுமாக மூடியிருக்கும். ஊர் பொங்கும் நேரத்தில் பொங்குவதா, இங்கே கதிர் எழும் நேரத்தில் பொங்குவதா? ஊர் நேரம் என்றால் அது நடு இரவு. இந்நாட்டு நேரம் என்றால், அம்மா அதற்குள் நண்பகல் உணவையே முடித்திருப்பார். அலுவலகத்துக்கு அன்று விடுமுறையும் இல்லை. எனவே, இங்குள்ள தமிழர்கள் பெரும்பாலும் அடுத்து வரும் சனிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ கூடிப் பொங்கலிடுகின்றனர். அது மகிழ்ச்சியான கூடல்தான். ஆனால், தை முதல் நாள் என்பது ஒரு நாள் மட்டுமன்று. எல்லோரும் ஒரே நேரத்தில் ஒன்றையே செய்கிறார்கள் என்ற உணர்வும் அதில் அடங்கும். நாளை மாற்றும்போது அந்த உணர்வு கையைவிட்டு நழுவுகிறது. அதனால் நான் தை முதல் நாளிலேயே, பணிக்குச் செல்லும் முன், வீட்டில் தனியாக ஒரு பானை வைத்துவிடுகிறேன்.

இரண்டாம் இடர் அந்தப் பானை. நான் புறப்பட்டபோது அம்மா பித்தளைப் பானை ஒன்றைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். இங்கே வாடகை வீட்டில் இருப்பது தூண்டல் மின்னடுப்பு. அதன் கண்ணாடிப் பரப்பின் கீழுள்ள கம்பிச்சுருள் மாறுகின்ற காந்தப்புலத்தை உண்டாக்கும். அந்தப் புலம் பாத்திரத்தின் அடியையே சூடேற்றும். காந்தம் ஒட்டுகின்ற இரும்புத்தன்மை பாத்திரத்துக்கு இருந்தால்தான் அடுப்பு அதனை ஏற்றுக்கொள்ளும். பித்தளையில் காந்தம் ஒட்டாது, மண்பானையிலும் ஒட்டாது. தலைமுறைகளாகப் பொங்கிய பானையை அந்த அடுப்பு ஒரு பாத்திரமாகவே கண்டுகொள்ளவில்லை. இறுதியில் காந்தம் ஒட்டும் எஃகுப் பாத்திரத்தில்தான் பொங்கல் வைத்தேன். பித்தளைப் பானையின் கழுத்தில் மஞ்சள் கொத்தைக் கட்டி அருகில் வைத்துக்கொண்டேன்.

மூன்றாம் இடர்தான் வேடிக்கையானது. பால் கொதிக்கும்போது அதிலுள்ள புரதங்கள் நீராவிக் குமிழிகளைச் சுற்றி உறுதியான படலமாகப் படிகின்றன. தண்ணீரில் எழும் குமிழிகள் உடைந்துபோகும். பாலில் எழுபவை உடையாமல் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி எழுந்து விளிம்பைத் தாண்டுகின்றன. அதைத்தான் நாம் 'பொங்கலோ பொங்கல்' என்று குரலெழுப்பி வரவேற்கிறோம். ஆனால், இந்த அடுப்பின் தொடுவிசைகள் கண்ணாடிப் பரப்பின் முன்பக்கத்திலேயே இருக்கின்றன. வழிந்த பால் அவற்றின்மேல் பட்டதும், பழுது நேர்ந்ததாகக் கருதி அடுப்பு கீச்சென்று ஒலித்துத் தானே அணைந்துவிடும். எந்தக் கணத்துக்காக ஊரே காத்திருக்கிறதோ, அந்தக் கணத்தை இங்குள்ள கருவி விபத்தாக எண்ணுகிறது! இப்போது பாத்திரத்தைப் பின்வரிசை அடுப்பில் வைத்து, முன்பக்கத்தில் ஒரு துணியை மடித்து அணையிட்டுவிடுகிறேன். பால் பொங்குகிறது, அடுப்பும் அணைவதில்லை.

அந்தக் கணத்தில் காணொலி அழைப்பில் அம்மாவின் குரல் கேட்கும். "எந்தப் பக்கமாப்பா வழிஞ்சுது?" என்பார். சமையலறைச் சன்னலைப் பார்த்துத் திசையைக் கணக்கிட்டுச் சொல்வேன். "கிழக்காலயா? நல்லதுப்பா," என்பார். எட்டாயிரம் கிலோமீட்டர்களுக்கு அப்பால் வழிந்த பாலின் திசை அவருக்கு இன்னும் பொருளுடையதாக இருக்கிறது.

ஆனாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். பானை, பால், வெல்லம் எல்லாம் கூடிவந்த பின்னும் ஏதோ ஒன்று குறையவே செய்கிறது. அது மணம் என்பதை அறிந்துகொள்ளச் சில ஆண்டுகள் ஆயின. எங்கள் தெருவின் பொங்கல் மணம், நெய்யும் ஏலமும் மட்டும் சேர்ந்ததன்று. முந்தைய நாள் போகியின் புகை, கடலின் உப்புக்காற்று, காசிமேட்டுப் பக்கமிருந்து வரும் மீன் வாடை, தொலைவில் ஆலைகளின் எண்ணெய் நெடி ஆகிய எல்லாம் அதில் கலந்திருக்கும். பிற புலன்கள் தரும் செய்தி மூளையில் 'தலாமசு' என்னும் பகுதியைக் கடந்தே மேலே செல்கிறது. மணம் மட்டும் அதனைக் கடக்காமல், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய பகுதிகளை நேராகவே சென்றடைகிறது. ஆகவேதான் துறைமுகத்தில் எந்திர எண்ணெயும் கடற்காற்றும் கலந்து வரும் சில காலைகளில், எதையும் எண்ணுவதற்கு முன்பே நான் திருவொற்றியூரில் நிற்கிறேன். சுந்தரருக்குத் தென்றல் செய்ததை எனக்கு இந்த நெடி செய்கிறது.

நம் மணி அன்று

விடுமுறை கிடைத்துவிட்டால் ஏக்கம் தணிந்துவிடுமா? இதே துறைமுகத்தில் பணிபுரியும் இராயபுரத்து நண்பர் ஒருவர் இக்கேள்விக்கு விடை தந்தார். அவர் கிறித்தவர். கிறித்துமசு நாளில் இந்த நாடே விடுமுறையில் இருக்கும், கடைகள் அடைக்கப்பட்டிருக்கும், தேவாலயங்களில் மணியோசை கேட்கும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேலைக்குச் செல்லும் என்னைவிட அவர் நல்வாய்ப்புப் பெற்றவர் என்று நான் எண்ணியிருந்தேன். ஒரு திசம்பர் இரவில் அவர் சொன்னார்: "மணி அடிக்குது மச்சான். ஆனா அது நம்ம மணி இல்ல."

படகுத் தொழிலாளர் சமூகம் எழுப்பிய புனித பேதுரு ஆலயத்தின் மணி அவர் காதில் இருந்தது. நள்ளிரவுப் பூசை முடிந்து சந்துக்குள் திரும்பும்போது, விழித்துக் காத்திருக்கும் பிற சமயத்து அண்டை வீட்டாரும், விடிந்ததும் தட்டுகளில் வீடு வீடாகப் போகும் பலகாரமும் அவர் கண்ணில் இருந்தன. இங்கே விழா கதவுக்குள்ளே நடக்கிறது. அவரவர் குடும்பத்தோடு விருந்துண்டு மகிழ்கின்றனர். இந்நாட்டாரிடம் அன்பு குறைவு என்று இதற்குப் பொருளில்லை. குளிர்நாட்டில் விழா அப்படித்தான் அமையும். நம் விழாவோ தெருவில் நடப்பது. நாள் கிடைத்தாலும் தெரு கிடைப்பதில்லை. அவர் ஏங்கியது விழாவுக்காக அன்று, அந்தத் தெருவுக்காக.

ஏக்கம் மறைக்கும் காட்சிகள்

ஏக்கம் ஒரு நல்ல ஓவியன்; ஆனால், நேர்மையான ஓவியன் அல்லன். வேண்டாதவற்றை அவன் வரைவதில்லை. என் நினைவில் போகி என்பது விடியற்காலைப் பறையொலியும் குளிர்காயும் சிறுவர்களுமாக இருக்கிறது. ஆனால், பழைய டயர்களை எரித்ததால் எழுந்த கரும்புகையில் மூச்சுத்திணறிய முதியவர்களும் அதே தெருவில்தான் இருந்தனர். அப்புகை பனியோடு கலந்து சென்னையில் விமானங்கள் தாமதமான ஆண்டுகளும் உண்டு.

என் நினைவிலுள்ள கடற்கரையும் இன்று அப்படியே இல்லை. நம் கிழக்குக் கரையில் அலைகள் ஆண்டின் பெரும்பகுதி மணலைத் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்த்துகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் கட்டப்பட்டன. அவை அம்மணலைத் தெற்கிலேயே தடுத்துவிட்டன. தெற்கே மெரினா கடற்கரை அகன்றது. வடக்கே இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரைக்கு வரவேண்டிய மணல் வராமல் கடல் நிலத்தை அரித்தது. மணற்கரை இருந்த இடங்களில் இன்று கருங்கற்கள் கொட்டப்பட்டிருக்கின்றன. காணும் பொங்கலன்று பாட்டி தம் இளமையில் விளையாடிய மணல்வெளியைப் பற்றிச் சொல்வார். அதனை நான் பார்த்ததில்லை. அவர் ஊரைவிட்டு எங்கும் போகவில்லை. ஊர் அவரைவிட்டுப் போயிருந்தது. ஏக்கம் கொள்வதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை என்பதை அவரிடம்தான் கற்றேன்.

2023ஆம் ஆண்டு திசம்பரில் மிக்ஜாம் புயல் பெய்வித்த பெருமழைக்குப் பின், எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படர்ந்தது. படகுகளும் வலைகளும் கருத்தன. அலையாத்தி மரங்களின் வேர்களில் எண்ணெய் அப்பிக்கொண்டது. இறாலும் நண்டும் பிடித்து வாழ்ந்தவர்கள் வாளிகளைக் கொண்டு எண்ணெயை அள்ளிக்கொண்டிருந்தனர். அடுத்த மாதம் பொங்கல் வந்தது. எண்ணூரில் வாழும் என் அத்தையிடம், "பொங்கல் எப்படி அத்தை?" என்று கேட்டேன். "வச்சோம்பா. பால் பொங்குச்சு. வலைதான் இன்னும் காயல," என்றார். என் ஏக்கத்தில் இருந்த ஊருக்கும் அத்தை வாழ்ந்துகொண்டிருந்த ஊருக்கும் இடைப்பட்ட தொலைவை அந்த ஒரு வரி காட்டியது. அன்றுமுதல் ஊரை அழைக்கும்போது விழாவைப் பற்றிக் கேட்கும் முன், வலையைப் பற்றிக் கேட்கிறேன். தண்ணீரைப் பற்றியும் தெருவைப் பற்றியும் கேட்கிறேன். நினைவில் உள்ள ஊரை நேசிப்பது எளிது. இருக்கின்ற ஊரை நேசிப்பதற்கு அதன் செய்திகளை அறிந்திருக்க வேண்டும்.

எஞ்சியிருப்பவர்கள்

சுந்தரர் கதையில் என்னை நெடுநாள் சிந்திக்க வைத்தவர் சங்கிலியார். சுந்தரர் பட்ட துன்பத்தை அவருடைய பாடல்கள் பேசுகின்றன. அவர் சென்ற வழியெல்லாம் தலங்களாகப் போற்றப்படுகின்றன. வசந்தம் முடிந்த பிறகு திருவொற்றியூரில் சங்கிலியார் எப்படி இருந்தார்? கதை அவரைப் பின்தொடர்வதில்லை. ஏக்கத்தின் வரலாற்றில் புறப்பட்டவர்களுக்கே குரல் இருக்கிறது. தங்கிவிட்டவர்களும் ஏங்கத்தான் செய்கின்றனர். அவர்களுக்கு அதனைச் சொல்ல நேரமில்லை. விழா நாளில் ஒரு இலை குறைவாகப் போட வேண்டியிருப்பதை அம்மா என்னிடம் சொன்னதில்லை. தங்கைதான் சொன்னாள்: "நீ இல்லன்னு தெரிஞ்சும் ஒரு இலை கூடவே கழுவுவாங்கண்ணா."

மாசிப் பெருவிழா வரும்போது இங்கே பனி உருகத் தொடங்கியிருக்கும். மகிழடி சேவையின் காணொலியைத் தங்கை அனுப்புவாள். அதில் மேளமும் கூட்டத்தின் ஆரவாரமும் கேட்கும். 'பிரியேன்' என்று வாக்களித்த இடத்தை, அவ்வாக்கு காக்கப்படவில்லை என்று அறிந்திருந்தும், ஊர் ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறது. போனவரைச் சபிக்காமல், அவர் சொன்ன சொல்லை மட்டும் நினைவில் வைத்திருக்கும் ஊர் அது. அந்தப் பெருந்தன்மையை நம்பித்தான் என்னைப் போன்றவர்கள் வெளியே வாழ்கிறோம்.

சேக்கிழார் கதையை முடிக்கும் முறையிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. சுந்தரருக்குக் கண்ணொளி ஒரே நேரத்தில் திரும்பவில்லை. காஞ்சியில் இடக்கண் ஒளிபெற்றது. திருவாரூரை அடைந்த பின்பே வலக்கண் ஒளிபெற்றது. இடைப்பட்ட வழியெல்லாம் அவர் ஒரு கண்ணோடு நடந்தார். புலம்பெயர்ந்தோரின் வாழ்வு அந்த இடைவழி நடைதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு கண், வாழும் நாட்டைக் காண்கிறது. இங்குள்ள வேலையையும் நண்பர்களையும் குளிர்காலச் சிறுவெயிலையும் அது அன்போடு பார்க்கிறது. மற்றொரு கண் ஒளிபெற ஊர் வந்தாக வேண்டும். ஒரு கண்ணாலும் வழி தெரியும், நடக்க முடியும். விழாக்காலத்தில் மட்டும் மற்றொரு கண் சற்று வலிக்கிறது. அந்த வலி இருக்கும்வரை அக்கண் இன்னும் உயிரோடிருக்கிறது.